முடிவுநாளுக்கு முன் வரும் இன்னொரு நாள்: ஓலைத்தொடுவாய்ப் பொரிப்பகமும் பராமரிப்பு ஒப்பந்தப் புதுப்பித்தலும்

மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய் கடலட்டைக் குஞ்சு உற்பத்திக்கான பொரிப்பகம் அமைந்த ஊர். இத்தகைய பொரிப்பகத்தில் இரவு பகல் என்ற வேறுபாடு கிடையாது. தாய் அட்டைகள் விட்ட முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பிகள் ஏறத்தாழ இரண்டு வாரம் நீரில் மிதந்து திரிந்து, அதன்பின்பே தட்டுகளில் ஒட்டத் தொடங்கும். அந்தக் காலம் முழுவதும் வடித்த கடல்நீரும், தொட்டிகளில் வளர்த்த நுண்பாசியும், இடைவிடாத காற்றும் அவற்றுக்கு வேண்டும். மின்சாரம் போனால் காற்றூதி நிற்கும். காற்றூதி நின்றால் தொட்டி அடியில் கழிவும் செத்த பாசியும் படிந்து, சில மணி நேரத்தில் ஒரு தொகுதிக் குடம்பியே போய்விடலாம். ஆகவே அங்கே மின்பிறப்பாக்கி ஓர் அவசரத் துணைப்பொருள் என்பதற்கும் மேலானது. அதைப் பராமரிக்கச் செய்துகொள்ளும் ஆண்டு ஒப்பந்தமும் அப்படியே. அந்த ஒப்பந்தம் முடியப்போகிறது என்று சேவையாளர் எழுதும் நினைவூட்டல் கடிதத்தை அலுவலக வழமை என்று கடந்து போய்விடுகிறோம். அது எந்த நாளில் வருகிறது, எந்தத் தெரிவுகளைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பவற்றில்தான் வாடிக்கையாளரின் உரிமை நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். இன்னும் சுருக்கினால் இரண்டு கோரிக்கைகள்: நினைவூட்டலின் நாளை ஒப்பந்தம் முடியும் நாளிலிருந்து அல்லாமல், வாடிக்கையாளர் முடிவெடுக்கும் உரிமை முடியும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும், தெரிவுகளின் பட்டியலில் ஒப்பந்தத்தைத் தொடராமல் விடுவதும் விலையோடும் விளைவோடும் இடம்பெற வேண்டும்.

முதல் கோரிக்கையை விளங்கிக்கொள்ள ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் தொகைகளும் நாட்களும் கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. எந்தவொரு நிறுவனத்தின் ஒப்பந்தத்திலிருந்தும் எடுத்தவை அல்ல. ஒரு பொரிப்பகத்தில் ஒரு டீசல் மின்பிறப்பாக்கி, இரண்டு காற்றூதிகள், மின் தடைப்பட்டதும் தானாக மாற்றிவிடும் பலகை ஒன்று இருக்கின்றன. இவற்றுக்கான ஒப்பந்தம் டிசெம்பர் 31 அன்று முடிகிறது. ஒப்பந்தத்தின் உள்ளே, பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பிரிவு இருக்கிறது: தொடர விரும்பாதவர் அல்லது நிபந்தனையை மாற்ற விரும்புபவர் 60 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும், அறிவிக்காவிட்டால் ஒப்பந்தம் சேவையாளர் குறிக்கும் புதிய விலையில் இன்னோர் ஆண்டுக்குத் தானாக நீடிக்கும். டிசெம்பர் 31 இலிருந்து 60 நாள் பின்னே போனால் நவெம்பர் 1. வாடிக்கையாளருக்குச் சொந்தமான கடைசி நாள் அதுதான். அதன்பின் டிசெம்பர் 31 வரை ஒப்பந்தம் நடக்கும். ஆனால் அதைப் பற்றிப் பேசும் வலு அவரிடம் இராது. வழமையாக ஒரு மாதம் முன்னதாக, அதாவது டிசெம்பர் முதலாம் திகதியளவில் வரும் நினைவூட்டலைப் பாருங்கள். அது மரியாதையாக இருக்கும், நேரத்துக்கு வந்தது போலவும் தோன்றும். ஆனால் அது வரும்போது உரிமை போய் 30 நாள் ஆகிவிட்டது. நடந்து முடிந்த ஒன்றை அறிவிக்கும் கடிதத்தை நினைவூட்டல் என்று அழைக்க முடியாது.

நவெம்பர் 1 க்கு ஒரு வாரம் முன் எழுதினால் போதுமா என்றால், அதுவும் போதாது. வாடிக்கையாளர் முடிவெடுக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தனி முதலாளி ஒருவர் நடத்தும் பொரிப்பகமானால் இரண்டு நாளில் முடிவெடுத்துவிடலாம். அரசு நிறுவனமோ கூட்டுறவுச் சங்கமோ அப்படிச் செய்ய முடியாது. இயந்திரத்தின் நிலை பற்றித் தொழில்நுட்ப அலுவலரின் அறிக்கை வேண்டும். அதற்கு ஒரு வாரம். வேறு நிறுவனங்களிடம் கூறுவிலை கேட்டு வாங்க இரண்டு வாரம். மன்னாருக்கு வந்து இயந்திரத்தைப் பார்க்காமல் எந்தத் தகுதியான நிறுவனமும் விலை சொல்லாது. கொழும்பிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இடத்துக்கு ஆளனுப்ப அவர்களுக்கும் நாள் வேண்டும். பெறுகைக் குழு கூடி முடிவெடுக்க ஒரு வாரம், கணக்காளர் நிதி ஒதுக்கீட்டை உறுதிப்படுத்த ஒரு வாரம், தலைமையகத்தில் கையொப்பமாகிக் கடிதம் வெளியேற ஒரு வாரம். ஆக மொத்தம் ஆறு வாரம், 42 நாள். நவெம்பர் 1 இலிருந்து 42 நாள் பின்னே போனால் செப்டெம்பர் 20. அந்த நாளில் நினைவூட்டல் வாடிக்கையாளரின் கையில் இருக்க வேண்டும். அது ஒப்பந்தம் முடிவதற்கு 102 நாள் முன். மிக முன்கூட்டியது போல இந்த எண் தோன்றலாம். ஆனால் இதில் எங்கும் தாராளம் காட்டப்படவில்லை. ஒவ்வொரு படிக்கும் வேண்டிய குறைந்த நாட்களை மட்டுமே கூட்டியிருக்கிறோம்.

மன்னார்க் கரையில் இந்தக் கணக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையின் அரச நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிவதால், அதையொட்டி ஆண்டு ஒப்பந்தங்களில் பலவும் டிசெம்பர் 31 ஐயே முடிவுநாளாகக் கொள்கின்றன. ஆண்டின் அந்தக் கடைசி மூன்று மாதம்தான், ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை, தீவின் மழைக்காலமும் புயற்காலமும். 2020 டிசெம்பர் தொடக்கத்தில் புரேவிப் புயல் திருகோணமலைப் பக்கம் கரைகடந்து மன்னார் வழியாக வெளியேறியதை இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். மின்தடை கூடுதலாகும் காலமும், மின்பிறப்பாக்கி அதிகம் ஓடும் காலமும், கணக்காளர் ஆண்டு இறுதிக் கொடுப்பனவுகளில் மூழ்கியிருக்கும் காலமும் ஒன்றாக வந்து விழுகின்றன. நவெம்பரில் கடிதம் அனுப்புபவர், வாடிக்கையாளர் மிகக் குறைவாகச் சிந்திக்கக்கூடிய வேளையில் மிகப் பெரிய முடிவைக் கேட்கிறார். இதன் விளைவு இரண்டில் ஒன்று: கேள்வி கேட்காமல் பழைய ஒப்பந்தமே நீடிக்கும், அல்லது கையொப்பம் தாமதித்து ஜனவரியில் ஒப்பந்தமே இல்லாத சில வாரங்கள் வரும். பொரிப்பகத்துக்கு இரண்டாவதுதான் ஆபத்து. இயந்திரம் நின்றால் யாரைக் கூப்பிடுவது, வந்தவருக்கு எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பது என்ற கேள்விகளுக்குக் குடம்பிகள் காத்திருக்கமாட்டா. முடிவுநாளையே மார்ச் 31 அல்லது ஜூன் 30 க்கு மாற்றிக்கொள்வது நல்ல வழி. மூன்று மாத நீடிப்பு ஒன்றை இடையில் செய்து அதைச் சாதிக்கலாம். நல்ல நினைவூட்டல் கடிதம் அந்த யோசனையையும் முன்வைக்கும்.

முடிவெடுக்கும் நாளிலிருந்து கணக்கிடுவது என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. சட்டம் இயற்றியவர்கள் இந்தச் சிக்கலை முன்பே கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் பொதுக் கடப்பாடுகள் சட்டத்தின் 5-903 ஆம் பிரிவு, சேவை, பராமரிப்பு, பழுதுபார்ப்பு ஒப்பந்தங்களைப் பற்றியே பேசுகிறது. தானாக நீடிக்கும் நிபந்தனை இருந்தால், வாடிக்கையாளர் மறுப்பைத் தெரிவிக்க வேண்டிய நாளுக்கு 15 முதல் 30 நாள் முன்னதாக, நேரில் அல்லது பதிவுத் தபாலில், அந்த நிபந்தனையைச் சுட்டிக்காட்டிச் சேவையாளர் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த நிபந்தனையை வாடிக்கையாளர்மீது செயற்படுத்த முடியாது. பிரான்சில் 2005 இல் வந்த ஷத்தெல் சட்டம் நுகர்வோருக்கு இதே தர்க்கத்தை வேறு அளவில் வைத்தது: மறுப்பதற்கான காலம் முடிவதற்கு மூன்று மாதம் முதல் ஒரு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும்; தவறினால் நீடிப்புக்குப் பின் வாடிக்கையாளர் எந்த நாளிலும் தண்டமின்றி வெளியேறலாம். இரண்டும் எண்ணத் தொடங்கும் நாள் ஒன்றே, அது ஒப்பந்தத்தின் முடிவுநாள் அல்ல. ஜேர்மனி 2022 மார்ச் முதல் வேறு வழியில் போனது: நுகர்வோர் ஒப்பந்தம் தானாக நீடித்தாலும், அதன்பின் ஒரு மாத அறிவித்தலில் எப்போதும் வெளியேறலாம் என்றாக்கியது. நினைவூட்டலின் நாளைக் கட்டுப்படுத்துவதற்குப் பதிலாக, நினைவூட்டல் தவறுவதால் வரும் கேட்டைச் சிறிதாக்கும் வழி அது. இலங்கையில் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றி 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஆனால் அதன் நோக்கம் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனைகளை மட்டுப்படுத்துவது. ஆகவே இங்கே இந்தக் காவலைச் சட்டத்திடம் எதிர்பார்த்திராமல் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி கடிதத்தின் உள்ளடக்கம். அதன் முதற்பந்தி எப்படி இருக்க வேண்டும் என்பதை எழுதியே காட்டிவிடலாம்: “உங்கள் மின்பிறப்பாக்கிப் பராமரிப்பு ஒப்பந்தம் டிசெம்பர் 31 அன்று முடிகிறது. அதைத் தொடர விரும்பாவிட்டாலோ நிபந்தனைகளை மாற்ற விரும்பினாலோ, 9 ஆம் பிரிவின்படி நவெம்பர் 1 ஆம் திகதிக்குள் எழுத்தில் அறியத்தர வேண்டும். அறியத்தராவிட்டால் ஒப்பந்தம் ஓராண்டுக்குத் தானாக நீடிக்கும். இப்போதைய ஆண்டுக் கட்டணம் வரி நீங்கலாக 300,000 ரூபாய். புதிய கட்டணம் 360,000 ரூபாய்.” ஐந்து வாக்கியம், இரண்டு திகதி, இரண்டு தொகை, ஒரு விளைவு. வாழ்த்தும் நன்றியும் நிறுவனத்தின் பெருமையும் இதற்குப் பின் வரலாம், முன் வரக்கூடாது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தாலும் கடிதம் தமிழிலும் இருக்க வேண்டும். இயந்திரத்தோடு வாழ்பவர் அதைப் படிப்பவர். அதே காரணத்தால் அது தலைமையகத்துக்கும் பொரிப்பகத்துக்கும் ஒரே நாளில் போக வேண்டும். கையொப்பம் தலைமையகத்தில், அனுபவம் பொரிப்பகத்தில் என்று பிரிந்து கிடக்கும் நிறுவனத்தில், இரண்டில் ஒன்றுக்கு மட்டும் போகும் கடிதம் பாதி அறிவோடு முடிவெடுக்கச் சொல்கிறது. வரி நீங்கலான விலையை அடுத்து வரி சேர்ந்த தொகையையும் சொல்ல வேண்டும். பெறுமதி சேர் வரி 2022 ஜூனுக்கு முன் 8 சதவீதமாக இருந்து, அவ்வாண்டிலேயே 12 ஆகவும் பின் 15 ஆகவும் உயர்ந்து, 2024 ஜனவரியில் 18 ஆனது. 18 சதவீதத்தில் 360,000 ரூபாய் 424,800 ஆகிறது. குழுவின் அங்கீகாரத்தை வரியில்லாத தொகைக்கு வாங்கிவிட்டுப் பட்டியல் வரும்போது 64,800 ரூபாய்க்கு இன்னோர் அங்கீகாரம் தேடுவது, மேலே கண்ட ஆறு வாரத்தில் பாதியை மீண்டும் தின்றுவிடும்.

இரண்டாம் பந்தி கடந்த ஆண்டின் கணக்கு. இதை எழுதச் சேவையாளர்கள் தயங்குவார்கள். ஆனால் இது இல்லாமல் தெரிவுகளைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. நான்கு பராமரிப்பு வருகை உறுதியளிக்கப்பட்டது, எத்தனை நடந்தது? பழுது என்று எத்தனை முறை அழைத்தார்கள், அழைத்த நேரத்துக்கும் ஆள் வந்த நேரத்துக்கும் இடையே எத்தனை மணி? என்ன மாற்றப்பட்டது? இயந்திரத்தின் மணிக்கணக்கி எங்கே நிற்கிறது? மணிக்கணக்கி சொல்வதைச் சற்று அருகே போய்ப் பார்ப்போம். எங்கள் மாதிரியில், சென்ற நவெம்பரில் 1,240 மணியில் எஞ்சின் ஒயிலும் வடிகட்டியும் மாற்றினார்கள். 250 மணிக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முந்தி வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்றால் அடுத்தது 1,490 மணியில். செப்டெம்பர் நடுவில் கணக்கி 1,452 இல் நிற்கிறது. இன்னும் 38 மணி. மாதம் 20 மணியளவில் ஓடினால் நவெம்பர் நடுவிலேயே அந்த வேலை வந்துவிடும். அதாவது அது இப்போதைய ஒப்பந்தத்துக்குள், ஏற்கெனவே கொடுத்த பணத்துக்குள் செய்யப்பட வேண்டிய வேலை. இதைக் கடிதத்தில் எழுதும் சேவையாளர், புதிய ஆண்டின் முதல் வேலையாக அதைத் தள்ளிவைக்கும் வாய்ப்பைத் தானே அடைத்துவிடுகிறார். எழுதாதவரின் கடிதத்தைப் படிப்பவர், மணிக்கணக்கியைத் தாமே போய்ப் பார்ப்பது நல்லது. வருகை அறிக்கைகளிலும் அதே கவனம் வேண்டும். ‘இயக்கிப் பார்த்தோம், நன்று’ என்ற வரி மட்டும் இருந்தால், சுமை ஏற்றாமல் பத்து நிமிடம் ஓட்டியிருக்கலாம். டீசல் எஞ்சினைச் சுமையில்லாமல் அடிக்கடி ஓட்டினால் முழுதாக எரியாத எரிபொருளும் கரியும் புகைவழியில் படியும். தேவையான நாளில் அது முழுச்சுமையைத் தாங்காது. இயக்கத்தின்போது எவ்வளவு சுமை, பற்றரியின் மின்னழுத்தம் என்ன, மாற்றுப்பலகை எத்தனை வினாடியில் மாறியது என்ற மூன்றும் அறிக்கையில் இருந்தால் மட்டுமே அது சோதனை. உப்புக்காற்று அடிக்கும் கரையில் மின்முனைகளும் ரேடியேற்றரும் எப்படி இருக்கின்றன என்பது நான்காவது.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் தெரிவுகள் உயிர்பெறும். எங்கள் மாதிரியில் நான்கு தெரிவுகளை வைக்கலாம். முதலாவது, பழைய நிபந்தனையிலேயே ஓராண்டு: நான்கு வருகை, எத்தனை முறை அழைத்தாலும் கூலியின்றி 24 மணிக்குள் ஆள், உதிரிப்பாகத்துக்குத் தனிப்பணம், 360,000 ரூபாய். இரண்டாவது, குறைந்த ஒப்பந்தம்: இரண்டு வருகை, அழைப்பு ஒவ்வொன்றுக்கும் 25,000 ரூபாய், 48 மணிக்குள் ஆள், 180,000 ரூபாய். வெறும் பணக்கணக்கில் ஆண்டுக்கு ஏழு அழைப்பு வரை இரண்டாவதே மலிவு. சென்ற ஆண்டில் மூன்று அழைப்புத்தான் என்றால், 180,000 உடன் 75,000 சேர்த்து 255,000 ரூபாயில் ஆண்டு முடிந்திருக்கும். சேவையாளருக்கு நட்டம் தரும் இந்தக் கூட்டலைக் கடிதத்திலேயே போட்டுக் காட்டுவதுதான் நேர்மை. ஆனால் கூட்டல் அங்கே முடியவும் கூடாது. பொரிப்பகத்துக்கு விலை அழைப்புகளின் எண்ணிக்கையில் இல்லை, மணி நேரத்தில் இருக்கிறது. 24 மணியும் 48 மணியும் இரண்டுமே குடம்பியின் பொறுமைக்கு அப்பாற்பட்டவை. ஆகவே உண்மையான பாதுகாப்பு, பற்றரியை மாற்றவும் எரிபொருள் வழியில் புகுந்த காற்றை நீக்கவும் கையால் மாற்றுப்பலகையை இயக்கவும் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரும், காற்றூதிக்கு ஒரு சிறு மாற்று இயந்திரமும் ஆகும். மின்பிறப்பாக்கி இயங்க மறுக்கும்போது மிகப் பொதுவான காரணம் பற்றரி என்பதால், இந்த எளிய பயிற்சியே பெரும்பாலான இரவுகளைக் காப்பாற்றும். அப்படியானால் இரண்டாவது தெரிவில் மிஞ்சும் 105,000 ரூபாயை உள்ளூர் ஆளின் பயிற்சிக்கும் கூலிக்கும் மாற்று இயந்திரத்துக்கும் செலவிடுவது முதலாவதைவிடப் பொரிப்பகத்தை நன்றாகக் காக்கக்கூடும். இந்த முடிவுக்கு வாடிக்கையாளர் வர வேண்டுமானால் கடிதத்தில் விலை மட்டும் இருந்தால் போதாது. வருகை நேரமும் பழுதின் வகையும் இருக்க வேண்டும்.

மூன்றாவது தெரிவு மூன்றாண்டு ஒப்பந்தம். ஆண்டுக்கு 8 சதவீதத் தள்ளுபடியில் 331,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் இந்த ஆறு வார ஓட்டத்தை ஓட வேண்டியதில்லை என்பது பெரிய இலாபம். ஆனால் இலங்கையில் நீண்ட ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும் எவரும் 2022 ஐத் தாண்டிப் போக முடியாது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ஐக் கடந்தது. வடிகட்டியும் பற்றரியும் மின்னழுத்தச் சீராக்கியும் இறக்குமதிப் பொருட்கள். மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி வரை மின்வெட்டு வந்தபோது மின்பிறப்பாக்கிகள் ஓடிய மணியும் பன்மடங்காயிற்று. நிலையான விலையில் கையெழுத்திட்ட சேவையாளருக்கு அப்படியொரு காலத்தில் மூன்று வழிகள்தான்: நட்டத்தைத் தாங்குவது, ஒப்பந்தத்தை முறிப்பது, அல்லது வருகைகளைச் சத்தமின்றிக் குறைத்து மலிவுப் பாகங்களைப் போடுவது. மூன்றாவது வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். இயந்திரம் நிற்கும் நாளில் மட்டும் தெரியும். ஆகவே முற்றாக நிலைநிறுத்திய விலை வாடிக்கையாளருக்கு இலாபம் போலத் தோன்றினாலும் அது உறுதியான பாதுகாப்பல்ல. நல்ல மூன்றாண்டுத் தெரிவு கட்டணத்தை இரண்டாகப் பிரிக்கும்: கூலியும் பயணமும் ரூபாயில் ஒரு பாதி, உதிரிப்பாகம் மத்திய வங்கி வெளியிடும் நாணய மாற்று விகிதத்தோடு ஏறியிறங்கும் மறு பாதி. டொலர் 10 சதவீதம் ஏறினால் மொத்தக் கட்டணம் 5 சதவீதம் ஏறும்; இறங்கினால் அதே அளவில் இறங்கும். இறங்கும்போது குறையாத சூத்திரம் சூத்திரமல்ல. இதனோடு, ஏற்றம் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் இரு தரப்பும் 60 நாள் அறிவித்தலில் விலகலாம் என்ற கதவும் வேண்டும்.

நான்காவது, ஒப்பந்தத்தைத் தொடராமல் விடுவது. பெரும்பாலான நினைவூட்டல்களில் இது இருப்பதில்லை; இருந்தாலும் ‘சேவை நிறுத்தப்படும்’ என்ற மிரட்டலாக ஒரு வரியில் முடிந்துவிடும். இதற்கும் மற்றவற்றைப் போலவே படிகள் உண்டு. கடைசி வருகை எந்த நாளில், அதில் என்னென்ன சோதிக்கப்படும்; சேவைப் பதிவேட்டின் பிரதியும் மணிக்கணக்கியின் வரலாறும் எப்போது கையளிக்கப்படும்; கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் அது யாரிடம் ஒப்படைக்கப்படும்; வாடிக்கையாளரின் பணத்தில் வாங்கி வைத்த உதிரிப்பாகங்கள் எங்கே; உற்பத்தியாளரின் உத்தரவாதம் இன்னும் நடைமுறையில் இருந்தால் வேறொருவர் கைவைப்பதால் அது முறியுமா. இந்தக் கடவுச்சொல் சிறிய விடயம் போலத் தெரியும். ஆனால் அது முன்னைய நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளர் ஒருவரின் நினைவில் மட்டும் இருந்தால், புதிதாக வருபவர் எச்சரிக்கை அளவுகளைத் திருத்தவோ பழைய பழுதுப் பதிவுகளைப் பார்க்கவோ முடியாது. ஒப்பந்தம் காகிதத்தில் முடிந்தாலும் இயந்திரம் பழையவரின் பிடியிலேயே இருக்கும். வெளியேறும் வழி அடைபட்டிருந்தால் மற்ற மூன்று தெரிவுகளையும் தெரிவுகள் என்று சொல்ல முடியாது.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது சேவையாளரின் பக்கத்திலிருந்து வருகிறது: போகும் வழியை நானே வரைந்து கொடுத்து, மலிவான தெரிவையும் கூட்டிக்காட்டி, என் வருமானத்தை நானே ஏன் குறைக்க வேண்டும்? இதில் உண்மை இருக்கிறது. சிலர் போவார்கள், சிலர் இறங்கிய ஒப்பந்தத்துக்கு மாறுவார்கள். ஆனால் எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். விருப்பமின்றித் தானாக நீடித்த ஒப்பந்தத்தின் பணம் இலகுவில் வராது. அரச நிறுவனத்தில் முறையான அங்கீகாரம் இல்லாத நீடிப்புக்குப் பணம் கொடுக்கக் கணக்காளர் தயங்குவார். கணக்காய்வு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். சேவையாளர் மாதக்கணக்கில் கடனுக்கு வேலை செய்வார், அல்லது வேலையை நிறுத்துவார். தீவில் மின்பிறப்பாக்கி வைத்திருப்போர் வட்டமும் சிறியது: ஐஸ் தொழிற்சாலை, குளிரறை, விடுதி, மருத்துவமனை, பொரிப்பகம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓரிடத்தில் ஏமாற்றப்பட்டோம் என்ற பேச்சு மற்ற இடத்துக்குப் போக ஒரு கிழமை போதும். மன்னாரில் நான்கு வாடிக்கையாளர் இருந்தால்தான் ஒரு பயணத்தின் செலவைப் பகிர முடியும் என்ற நிலையில், இறங்கிய ஒப்பந்தத்தோடு தங்கும் வாடிக்கையாளர் கோபத்தோடு போகும் வாடிக்கையாளரைவிடப் பெறுமதியானவர்.

இரண்டாவது எதிர்வாதம்: முடிவுநாள் வாடிக்கையாளரின் கோப்பிலேயே இருக்கிறது, அதைக் கவனிப்பது அவர் வேலை. தனியொரு ஒப்பந்தமானால் இதை ஏற்கலாம். ஆனால் பொரிப்பக முகாமையாளரின் முதன்மை வேலை குஞ்சு உற்பத்தி. அவரிடம் மின்பிறப்பாக்கி, நீர் வடிகட்டி, புற ஊதா விளக்கு, நகலெடுக்கும் இயந்திரம், இணைய இணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒப்பந்தம் வெவ்வேறு அறிவித்தல் காலத்தோடு இருக்கும். இடமாற்றத்தில் அலுவலர் போனால் கோப்பு இருக்கும், நினைவு போய்விடும். சேவையாளருக்கோ ஒப்பந்தமே தொழில். அதே 60 நாள் பிரிவை எழுதியவரும் அவரே. தானாக நீடிக்கும் நிபந்தனையால் யாருக்கு நன்மையோ, அதை நினைவூட்டும் சுமையும் அவருக்கே என்பதுதான் நியூயோர்க், பிரான்ஸ் சட்டங்களின் உள்ளறம். இதனால் வாடிக்கையாளரின் கடமை முற்றாக நீங்காது. எல்லா ஒப்பந்தங்களின் முடிவுநாளையும், அறிவிக்க வேண்டிய கடைசி நாளையும், வேலை தொடங்க வேண்டிய நாளையும் மூன்று நிரலாக ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது அவரும் செய்யக்கூடியதே.

மூன்றாவது, மன்னாருக்கே உரிய எதிர்வாதம்: இங்கே வந்து வேலைசெய்ய ஒரேயொரு நிறுவனம்தான் தயார் என்றால், நான்கு தெரிவு எழுதி என்ன பயன்? இது பாதி உண்மை. ஆளை மாற்ற முடியாமற் போகலாம். அளவையும் காலத்தையும் விலைச் சூத்திரத்தையும் மாற்றலாம். மேலே நான்கில் மூன்று தெரிவுகள் அதே நிறுவனத்துக்குள் இருப்பவையே. அதோடு, கூறுவிலை கேட்கப் போதிய காலம் இருந்தால் யாழ்ப்பாணத்திலிருந்தோ அநுராதபுரத்திலிருந்தோ ஒருவர் வந்து பார்க்கக்கூடும். கடைசி நேரத்தில் கேட்டால் எவரும் வரமாட்டார்கள். ஒரே நிறுவனம்தான் இருக்கிறது என்ற எண்ணத்தில் ஒரு பங்கு, நினைவூட்டல் தாமதமாக வருவதன் விளைவு. அண்டையில் உள்ள சில நிறுவனங்கள் தங்கள் முடிவுநாட்களை ஒன்றாக்கிச் சேர்ந்து விலை கேட்டால், தூரத்திலுள்ளவருக்கும் ஒரு பயணம் கட்டுப்படியாகும். அதற்கும் முன்கூட்டிய காலமே மூலதனம்.

தானாக நீடிப்பதே பாதுகாப்பு, ஒரு நாளும் இடைவெளி வராது என்று சொல்பவர்களும் உண்டு. பொரிப்பகம் போன்ற இடத்தில் இந்த வாதத்தை அலட்சியப்படுத்த முடியாது. இடைவெளியின் விலை குடம்பி. அதனால் தானாக நீடிப்பதை ஒழிக்க வேண்டியதில்லை. ஓராண்டுக்கு என்பதை மூன்று மாதத்துக்கு என்று சுருக்கினால் போதும். பதில் வராவிட்டால் பழைய விலையிலேயே மூன்று மாதம் சேவை தொடரும், அதற்குள் முடிவெடுக்கலாம். இடைவெளியும் இல்லை, வாடிக்கையாளர் ஓராண்டுக்குச் சிக்குவதும் இல்லை. ஜேர்மனியின் தீர்வும் ஏறக்குறைய இந்த வழியில்தான் நிற்கிறது.

இவையெல்லாம் சேவையாளரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்தால் நிலைக்காது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் இரு தரப்புக்கும் ஒரே வலு இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்கக்கூடிய காலமும் அதுவே. அப்போது ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும்: அறிவித்தலுக்கான கடைசி நாளுக்கு 42 நாளுக்குக் குறையாமல் முன்னதாக, முகாமையாளருக்கும் தலைமையகத்துக்கும் சேவையாளர் எழுத்தில் நினைவூட்ட வேண்டும், அந்தக் கடிதத்தில் கடந்த ஆண்டின் வருகை, அழைப்பு, மணிக்கணக்கி விபரமும், விலகும் தெரிவு உட்பட எல்லாத் தெரிவுகளின் வரியுடனான விலையும் இருக்க வேண்டும், இது நடக்காவிட்டால் தானாக நீடிக்கும் நிபந்தனை செயற்படாது, பழைய விலையில் மூன்று மாதம் மட்டுமே சேவை தொடரும். இதை ஏற்கத் தயங்கும் நிறுவனம், தன் வருமானத்தில் எவ்வளவு பங்கு வாடிக்கையாளரின் மறதியிலிருந்து வருகிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தெரிவித்துவிடுகிறது. ஏற்கும் நிறுவனத்துக்கு இந்தப் பிரிவு ஆண்டுக்கு ஒரு கடிதத்துக்கு மேல் செலவு வைக்காது.